விற்பனை ஏறியது, வியாபாரம் வளர்ந்ததா? எக்ஸெல்லில் ஒரு சோதனை

என் தங்கை வீட்டுக்காரர் ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். போன வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரையும் பில் போடும் சாஃப்ட்வேரையும் காட்டுகிறேன் என்று என்னைக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் திரையில் ஒரு எண்ணைக் காட்டினார்.

"மச்சான், ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துல ஆறு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். அடுத்த மூணு மாசத்துல எட்டு லட்சத்து ஆறாயிரம் சொச்சமுங்க. இருபது பர்சன்ட் ஏறியிருக்குது. இன்னொரு செக்கு போட்டுரலாம்னு இருக்கேன். பேங்க்ல ஏழு லட்சம் லோன் தர்றேன்னுட்டாங்க."

கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருந்தது. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். மொத்த விற்பனையை மட்டும் பார்த்துக் கடன் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "மாப்பிள்ளை, ஒரு மணி நேரம் கொடுங்க, இந்த இருபது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம்" என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ கடையிலோ புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் எக்ஸெல் இருந்தால் இதை நீங்களும் செய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே ஃபார்முலாக்கள் வேலை செய்யும், வேறு ஷீட்டின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும்.

ஒரு கடையின் விற்பனை என்பது மூன்று எண்களின் பெருக்கல். எத்தனை வாடிக்கையாளர்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை தடவை வந்தார்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார்கள். இந்த மூன்றில் எது ஏறினாலும் மொத்தம் ஏறும். ஒன்று இறங்கி இன்னொன்று அதைவிட அதிகமாக ஏறினாலும் மொத்தம் ஏறும். அப்போது இறங்கியது வெளியில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நமக்கு இரண்டு அளவுகள் போதும். ஒன்று, வந்தவர்களில் மறுபடியும் வந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. மற்றது, ஒரு பில்லின் சராசரித் தொகை.

முதலில் பில் விவரங்களை சாஃப்ட்வேரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அநேகமாக எல்லா பில்லிங் சாஃப்ட்வேரிலும் ரிப்போர்ட் பகுதியில் Export என்று ஒரு பட்டன் இருக்கும். எக்ஸெல் ஃபைலாகவோ சிஎஸ்வி ஃபைலாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நான்கு காலங்கள் போதும். A காலத்தில் தேதி, B காலத்தில் பில் எண், C காலத்தில் மொபைல் எண், D காலத்தில் தொகை. மற்றவற்றை அழித்துவிடலாம். மூன்று மாத பில்களை ஒரு ஷீட்டில் வைத்து அதற்கு Apr என்று பெயரிடுங்கள். அடுத்த மூன்று மாதங்களை இன்னொரு ஷீட்டில் வைத்து Jul என்று பெயரிடுங்கள். ஷீட்டின் அடியில் இருக்கும் டேபில் இரண்டு முறை கிளிக் செய்தால் பெயரை மாற்றலாம்.

இங்கேயே ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். A காலத்தில் உள்ள தேதிகள் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். இடது பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் பாதி தேதி வலது பக்கமும் பாதி இடது பக்கமும் நிற்கும். 05-08 என்பதை மே 8 என்று எடுத்துக்கொண்டு, 25-08 வந்ததும் 25-ஆவது மாதம் இல்லையே என்று விட்டுவிட்டதன் விளைவு அது. அப்படி இருந்தால் அந்த ஃபைலை மூடிவிட்டு, சாஃப்ட்வேரில் தேதி அமைப்பை மாற்றி மறுபடி எடுப்பதே சுலபம்.

அடுத்தது மொபைல் எண். வாடிக்கையாளரை அடையாளம் காண நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான், அதனால் இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாப்பிள்ளை கடையில் கல்லாவில் இரண்டு பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒருவர் எண்ணை அப்படியே அடிப்பார். இன்னொருவர் முன்னால் 0 போடுவார், சில நேரம் 91 போடுவார், நடுவில் இடைவெளியும் விடுவார். ஒரே அம்மா மூன்று விதமாகப் பதிவானால் கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று பேர். மறுபடி வந்தவரைப் புதியவர் என்று எண்ணிவிடும். ஆகவே E2 கட்டத்தில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
```

இடைவெளிகளை நீக்கிவிட்டு, கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள் என்பது இதன் பொருள். பின் E2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் கடைசி வரி வரை ஃபார்முலா நிரம்பிவிடும்.

இப்போது E காலத்தில் 9999999999 என்று எத்தனை இருக்கிறது என்று தேடுங்கள். எண் தர விரும்பாதவர்களுக்காக கல்லாவில் இருப்பவர் அடிக்கும் எண் இது. எங்கள் ஷீட்டில் இந்த "வாடிக்கையாளர்" மூன்று மாதத்தில் 70 தடவைக்கு மேல் எண்ணெய் வாங்கியிருந்தார்! இந்த வரிகளையும், எண் இல்லாமல் காலியாக உள்ள வரிகளையும் தனி ஷீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவர்கள் மறுபடி வந்தார்களா என்று நமக்குத் தெரிய வழியில்லை. அதற்காக எண் தந்தால்தான் பில் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படிக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. விரும்பித் தருபவர்களின் எண்ணே கணக்குக்குப் போதும். அந்த ஃபைலையும் பாஸ்வேர்ட் போட்டு வையுங்கள். அது உங்கள் எண் அல்ல, அவர்களுடையது.

எண் இல்லாதவற்றை நீக்கிய பின் Apr ஷீட்டில் 960 பில், Jul ஷீட்டில் 1,008 பில் மிஞ்சின. நான் மேலே சொன்ன தொகைகளும் இந்த பில்களின் தொகைகளே.

இனிதான் எனக்குப் பிடித்த ஃபார்முலா வருகிறது. F2 கட்டத்தில் இதை டைப் செய்யுங்கள்.

```
=COUNTIF(E$2:E2,E2)
```

இதையும் கடைசி வரி வரை நிரப்புங்கள். முதல் E-க்குப் பின்னால் உள்ள டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். அந்தக் குறி இருந்தால்தான் ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை இரண்டாம் வரியிலிருந்தே தொடங்கும். இந்த ஃபார்முலா ஒவ்வொரு பில்லையும் பார்த்து, இந்த எண்ணுக்கு இது எத்தனையாவது பில் என்று சொல்கிறது. முதல் தடவை வந்தவருக்கு 1, அவரே மறுபடி வந்தால் 2, பிறகு 3 என்று போகும்.

இதில் உள்ள வசதியைக் கவனியுங்கள். ஒருவர் எத்தனை தடவை வந்திருந்தாலும் அவருக்கு 1 என்ற வரி ஒன்றுதான் இருக்கும். ஆகவே F காலத்தில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை வாடிக்கையாளர்கள். மறுபடி வந்தவருக்கு 2 என்ற வரியும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே எத்தனை 2 இருக்கிறதோ அத்தனை பேர் மறுபடி வந்தவர்கள். பக்கத்தில் காலியான இரண்டு கட்டங்களில் இப்படி டைப் செய்யுங்கள்.

```
=COUNTIF(F2:F961,1)
=COUNTIF(F2:F961,2)
```

Apr ஷீட்டில் முதலாவது 400 என்று வந்தது, இரண்டாவது 260. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 65 சதவீதம். அதாவது 100 பேர் வந்தால் அதில் 65 பேர் அந்த மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவையும் வந்தார்கள். Jul ஷீட்டில் (அங்கே 961-க்குப் பதில் 1009) வாடிக்கையாளர்கள் 560, மறுபடி வந்தவர்கள் 252. வகுத்தால் 45 சதவீதம்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒருத்தரே ஒரே நாள்ல ரெண்டு பில் போட்டா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மறந்துபோன சாமானுக்குத் திரும்ப வந்து இன்னொரு பில் போட்டவரை நம் ஃபார்முலா "மறுபடி வந்தவர்" என்று எண்ணிவிடும். இதைத் தவிர்க்க ஷீட்டை ஒரு பிரதி எடுத்து, Data மெனுவில் Remove Duplicates கொடுத்து, தேதி காலத்தையும் E காலத்தையும் மட்டும் டிக் செய்தால் ஒரு நாளுக்கு ஒரு பில்தான் நிற்கும். எங்கள் ஷீட்டில் அப்படிச் செய்து பார்த்தோம். இரண்டு ஷீட்டிலும் நான்கைந்து பேர்தான் குறைந்தார்கள், அதனால் அப்படியே விட்டுவிட்டோம். டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருந்தால் விடாதீர்கள், அங்கே வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

இப்போது சராசரி பில். இது சுலபம்.

```
=AVERAGE(D2:D961)
```

ஏப்ரல் முதல் ஜூன் வரை ரூ.700. ஜூலை முதல் செப்டம்பர் வரை ரூ.800. மாப்பிள்ளை முகம் கொஞ்சம் தெளிந்தது. "வர்றவங்க குறைஞ்சாலும் வாங்கறது கூடியிருக்குங்களே" என்றார். அப்படித்தான் தோன்றும். ஆனால் சராசரி என்பது ஏமாற்றக்கூடிய எண். ஒரு தெருவில் பத்து குடிசைகளும் ஒரு மாளிகையும் இருந்தால் சராசரி வீட்டு மதிப்பு லட்சக்கணக்கில் வரும், ஆனால் அந்த மதிப்புள்ள வீடு ஒன்றுகூட அந்தத் தெருவில் இருக்காது. ஆகவே சராசரியைப் போட்டதும் நடு பில்லையும் போட்டுவிட வேண்டும். பில்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பது எவ்வளவு என்று சொல்வது MEDIAN.

```
=MEDIAN(D2:D961)
```

முதல் மூன்று மாதத்தில் ரூ.620, அடுத்த மூன்று மாதத்தில் ரூ.630. சராசரி நூறு ரூபாய் ஏறியிருக்க, நடு பில் பத்து ரூபாய்தான் ஏறியிருக்கிறது. இப்படி இரண்டும் விலகி நடந்தால் எங்கோ சில பெரிய பில்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். D காலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியதும் அவை மேலே வந்து நின்றன. மொத்தம் 8 பில், எல்லாம் ஆவணி மாதத்துக் கல்யாணங்களுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர்கள் டின் டின்னாக வாங்கியது. எட்டும் சேர்த்து ரூ.94,400. முந்தின மூன்று மாதத்தில் அப்படி பில் எதுவும் இல்லை. இந்த எட்டை ஒதுக்கிவிட்டு மீதி 1,000 பில்களுக்குச் சராசரி போட்டால் ரூ.712.

அந்தப் பணம் பொய்யில்லை, கல்லாவுக்கு வந்த பணம்தான். ஆனால் அது வேறு வியாபாரம். முகூர்த்தம் உள்ள மாதத்தில் வரும், இல்லாத மாதத்தில் வராது. வீட்டுக்காரர்கள் வாங்குவதோடு அதைக் கலந்தால் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாது. தனி ஷீட்டில் வைத்துக்கொள்வதே சரி.

சரி, 700 என்பது 712 ஆயிற்று, அதாவது வளர்ச்சியா? "ஜூலையில விலை ஏத்தினீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாயாக இருந்ததை 330 ஆக்கியிருந்தார், மற்ற எண்ணெய்களிலும் ஏறக்குறைய அதே பத்து சதவீதம். ஆகவே இன்றைய 712 ரூபாயை 1.10-ஆல் வகுத்தால் பழைய விலையில் அது 647 ரூபாய். அதாவது முன்பு 700 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிய குடும்பம் இப்போது 647 ரூபாய்க்கான எண்ணெய்தான் எடுத்துப் போகிறது. பில் தொகை ஏறியது, பாட்டில் குறைந்தது. எண்ணெய், அரிசி, தங்கம் போன்று விலை மாறிக்கொண்டே இருக்கும் பொருளை விற்பவர்கள் சராசரி பில்லை ரூபாயில் மட்டும் பார்க்கவே கூடாது. முடிந்தால் லிட்டரிலோ கிலோவிலோ இன்னொரு காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். முன்பு 400 பேர், ஆளுக்கு 2.4 தடவை, தடவைக்கு 700 ரூபாய். பெருக்கினால் 6,72,000. இப்போது 560 பேர், ஆளுக்கு 1.8 தடவை, தடவைக்கு 800 ரூபாய். பெருக்கினால் 8,06,400. இருபது சதவீதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. ஆட்கள் கூடியிருக்கிறார்கள், விலையும் கல்யாண பில்லும் கூடியிருக்கின்றன, வரும் தடவை மட்டும் குறைந்திருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு "கடை இறங்குகிறது" என்று சொல்லிவிட முடியாது. அநேகம் பேர் தவறு செய்வது இங்கேதான். புதியவர்கள் நிறைய வந்தாலே மறுபடி வருவோர் சதவீதம் தானாக இறங்கும். ஆகஸ்ட் 16-ஆம் தேதி முதன்முதலாக வந்தவருக்குச் செப்டம்பர் முடிய நாற்பத்தைந்து நாள்தான் இருக்கிறது. அவர் வீட்டில் முதல் பாட்டிலே இன்னும் தீர்ந்திருக்காது. அவரை வராதவர் கணக்கில் சேர்ப்பது நியாயம் இல்லை. ஆகவே 65 என்பது 45 ஆனதில் எவ்வளவு புதியவர்களால், எவ்வளவு பழையவர்களால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

புதியவர்களை முதலில் பார்த்தோம். ஆடி மாதம் முழுக்க, 2 லிட்டர் வாங்கினால் அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரை இலவசம் என்று நோட்டீஸ் அடித்து மாப்பிள்ளை விநியோகித்திருந்தார். ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை முதன்முதலாக வந்தவர்கள் 200 பேர். ஜனவரியிலிருந்து எண் பதிவு இருந்ததால், அதற்கு முன் வராதவர்களைப் புதியவர்கள் என்று எடுத்துக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் அவர் வந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் திரும்பி வந்தாரா என்று பார்த்தோம். நாங்கள் அக்டோபர் கடைசியில் உட்கார்ந்ததால் எல்லோருக்கும் அந்த 60 நாள் முடிந்திருந்தது. எல்லா மாத பில்களையும் இதே காலங்களோடு All என்ற ஷீட்டில் சேர்த்து வைத்து, புதியவர்களின் முதல் பில் வரிகளுக்கு எதிரே இதைக் கொடுத்தோம்.

```
=COUNTIFS(All!E:E,E2,All!A:A,">"&A2,All!A:A,"<="&A2+60)
```

விடை 0 என்றால் 60 நாளில் வரவில்லை, 1 அல்லது அதற்கு மேல் என்றால் வந்தார். 200 பேரில் வந்தது 36 பேர், அதாவது 18 சதவீதம். ஒப்பிட ஏப்ரல் மாதம் நோட்டீஸ் எதுவும் இல்லாமல் தானாக வந்த புதியவர்களைப் பார்த்தோம். 50 பேரில் 29 பேர் 60 நாளில் திரும்பியிருந்தார்கள். இலவசச் சர்க்கரைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

60 நாள் என்று நான் எடுத்தது எண்ணெய்க்காக. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு மூன்று லிட்டர் தீரும், ஆகவே இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது வந்தாக வேண்டும். பால் கடைக்கு ஒரு வாரம் போதும். கண்ணாடிக் கடைக்கு இரண்டு வருடம்கூடப் போதாது, அங்கே இந்தக் கணக்கே வேண்டாம்.

அடுத்தது பழையவர்கள். எனக்கு உண்மையில் பயம் இருந்தது இதில்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டு தடவையோ அதற்கு மேலோ வந்த அந்த 260 பேர்தான் இந்தக் கடையின் அஸ்திவாரம். அவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட வரவில்லை? Apr ஷீட்டின் G2 கட்டத்தில் இதைக் கொடுத்து கடைசி வரை நிரப்பினோம்.

```
=COUNTIF(Jul!E:E,E2)
```

பிறகு F காலத்தில் 2-உம் G காலத்தில் 0-உம் உள்ள வரிகளை எண்ணச் சொன்னோம்.

```
=COUNTIFS(F2:F961,2,G2:G961,0)
```

விடை 52. அதாவது 260 பேரில் 208 பேர் வந்திருக்கிறார்கள், 80 சதவீதம். 80 என்பது நல்லதா கெட்டதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான பழையவர்களுக்கும் இதையே போட்டோம். அப்போது 240 பேரில் 221 பேர் அடுத்த மூன்று மாதத்தில் வந்திருந்தார்கள், 92 சதவீதம். ஊர் மாறிப் போகிறவர்கள், நம்பரை மாற்றுகிறவர்கள், கணவர் எண்ணில் வாங்கிவிட்டு அடுத்த தடவை மனைவி எண்ணைச் சொல்கிறவர்கள் என்று எப்போதும் கொஞ்சம் பேர் கழிவார்கள். அந்தக் கழிவு நூற்றுக்கு 8 என்றால், இந்தத் தடவை 20. இந்த 52 பேரும் சேர்ந்து முந்தின மூன்று மாதத்தில் வாங்கியது ரூ.1,12,000 சொச்சம்.

எக்ஸெல் இதுவரைதான் சொல்லும். யார் வரவில்லை என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மாப்பிள்ளை பட்டியலிலிருந்து பத்து பேருக்கு அன்று சாயங்காலமே போன் செய்தார். ஏழு பேர் எடுத்தார்கள். "நம்ம கடைங்க, எண்ணெய் ஏதாச்சும் சரியில்லையாங்க, தப்பா நினைக்காம சொல்லுங்க" என்று கேட்டார். ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். இருவர் விலையைச் சொன்னார்கள். மீதி நான்கு பேரும் சொன்னது ஒன்றே. ஆடியில் எண் தராமல் வாங்கிய கடலை எண்ணெய் வாணலியில் பொங்குகிறது, பாட்டில் அடியில் கசடு நிற்கிறது.

அதைக் கேட்டதும் அவருக்கே விளங்கிவிட்டது. செக்கில் ஆட்டிய எண்ணெயை ட்ரம்மில் ஊற்றி மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்து, அடிக்கசடை விட்டு மேலே உள்ளதை வடித்துத்தான் பாட்டிலில் பிடிப்பது வழக்கம். கசடும் ஈரமும் தங்கினால் காய்ச்சும்போது பொங்கும், சீக்கிரம் காரல் வாடையும் வரும். ஆடியில் கூட்டம் நெருக்கியதால் மறுநாளே பாட்டிலில் பிடித்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு வந்த 164 பேரை வாங்க, வருடக்கணக்காக வந்த 52 பேரைக் கொடுத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

லோன் பேப்பரில் அவர் கையெழுத்துப் போடவில்லை. இருக்கும் செக்கே நாளுக்கு ஆறு மணி நேரம்தான் ஓடுகிறது, நெருக்கடி ஆட்டுவதில் இல்லை, தெளிய வைப்பதில் என்று தெரிந்த பிறகு இன்னொரு செக்கு எதற்கு? மொட்டை மாடியில் வைக்க இரண்டு எவர்சில்வர் ட்ரம் மட்டும் வாங்கினார். மீதி 42 பேருக்கும் என் தங்கை நான்கைந்து நாளில் போன் செய்து, பழைய எண்ணெய் மிச்சம் இருந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஷீட்டை நாங்கள் முன்னதோடு ஒப்பிடவில்லை. தீபாவளிப் பலகாரத்துக்கு எல்லோரும் கூடுதலாக வாங்குவார்கள், சராசரி பில் எப்படியும் ஏறும். அதை அடுத்த வருடத் தீபாவளி மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் அந்த 52 எண்களை மட்டும் தேடிப் பார்த்தோம். டிசம்பர் 31 வரை 19 பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஷீட்டில் மேலும் ஐந்து எண்கள் தென்பட்டன.

இந்த ஆடிக்கும் நாட்டுச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன். உண்டாம். ஆனால் ஆனி மாதமே எண்ணெய் ஆட்டித் தெளிய வைத்துவிடுவாராம். சர்க்கரை முதல் தடவைக்கு இல்லை, இரண்டாவது தடவை வருகிறவர்களுக்குத்தானாம். கல்லாவில் இருப்பவர் F காலத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.